ஆங்கிலம் வராத எனக்கு ப்ரூஃப் வேலை சோறு போட்ட விதம்

நான் எழுதிக் கொண்டுபோன விண்ணப்பத்தின் முதல் வரி இது: "ஐயா, நான் வேலைத் தேடி வந்திருக்கிறேன்." அச்சகத்தில் ப்ரூஃப் பார்த்துக்கொண்டிருந்த பெரியவர் அதை வாங்கிப் படித்தார். சிவப்புப் பேனாவை எடுத்து, 'த்' என்ற அந்த ஓர் எழுத்தை மட்டும் சுழித்தார்.

"தம்பி, வேலை தேடி வந்தால் அது வேலை. வேலைத் தேடி வந்தால் முருகன் கையில இருக்கிற வேல். நீ எதைத் தேடி வந்தே?"

எனக்கு அப்போது புரியவில்லை. அவரே பக்கத்தில் உட்கார வைத்துச் சொன்னார். வேல் என்ற சொல்லோடு ஐ சேர்ந்தால் 'வேலை' என்று ஆகும். அந்த ஐ வெளிப்படையாக நிற்பதால் அடுத்து வரும் வல்லெழுத்து மிகும். 'வேலைத் தேடினான்' என்றால் வேலாயுதத்தைத் தேடினான். ஆனால் உத்தியோகம் என்ற பொருளில் வரும் வேலை, உருபு சேராத வெறும் பெயர்ச்சொல். 'வேலையை' என்பதில் உள்ள ஐ அங்கே மறைந்து நிற்கிறது. மறைந்து நின்றால் ஒற்று மிகாது. ஆகவே 'வேலை தேடினான்'.

அதற்கு முன்னால் நான் போன இடங்களில் எல்லாம், முதல் இரண்டு நிமிடத்திலேயே என் ஆங்கிலத்தை வைத்து என்னை எடைபோட்டுத் திருப்பி அனுப்பியிருந்தார்கள். நான் எழுதிய தமிழை ஒருவர் எழுத்தெழுத்தாகப் படித்தது அன்றுதான். தமிழில் ஓர் ஒற்று சரியா தவறா என்று பார்ப்பதற்கு ஒரு ஆளை வைத்துச் சம்பளம் கொடுக்கிறார்கள் என்பதும் அன்றுதான் எனக்குத் தெரியும். மறுநாளே அவரிடம் சேர்ந்துவிட்டேன். முதலில் தட்டச்சு, பிறகு ப்ரூஃப். இன்று வீட்டிலிருந்து முழுநேரமாக இதையே செய்கிறேன். ஆங்கிலத்தை நினைத்துத் தயங்கி நிற்பவர்களுக்கு இந்த ஒரு வேலையைப் பற்றி மட்டும், எனக்குத் தெரிந்த அளவுக்கு விரிவாகச் சொல்கிறேன்.

தமிழ் தெரிந்தவர்கள் கோடிக்கணக்கில் இருக்கும்போது, தமிழுக்கு யார் காசு கொடுப்பார்கள் என்று நானும் நினைத்ததுண்டு. பேசத் தெரிவதற்கு யாரும் கொடுப்பதில்லை. தமிழில் ஒரு பிழை விழுந்தால் எந்த இடத்தில் ஒருவருக்குப் பணம் போகுமோ, அங்கேதான் கொடுப்பார்கள். ஆயிரம் படி அச்சடித்த பிறகு அட்டையில் பிழை தெரிந்தால் அத்தனை அட்டையும் குப்பைக்குத்தான் போகும். பொருளோடு வைக்கும் உபயோகக் குறிப்பு, பாடப்புத்தகம், ஒப்பந்தப் படிவம், கைபேசிச் செயலியில் வரும் தமிழ் வாசகங்கள் எல்லாம் அந்த வகைதான். வேலை தேடும்போது "இங்கே தமிழ் வேண்டுமா" என்று கேட்பதைவிட, "இங்கே தமிழ் தவறினால் யார் நட்டப்படுவார்" என்று பார்ப்பது வழியைச் சீக்கிரம் காட்டும்.

முதலில் கைவேலை. ஒருங்குறியில், அதாவது யூனிகோடில், விசைகளைப் பார்க்காமல் தட்டச்சு செய்யத் தெரிய வேண்டும். ஆங்கில எழுத்தில் 'அம்மா' என்று அடித்துத் தமிழாக மாற்றும் முறையிலேயே பலர் நின்றுவிடுகிறார்கள். அதில் ஒவ்வொரு சொல்லையும் மனசுக்குள் ஆங்கில எழுத்தாக உடைக்க வேண்டியிருக்கிறது. ஆங்கிலம் தடுமாறுகிறவர்களுக்கு அது இரட்டைச் சுமை. நான் தமிழ்99 பழகினேன். 1999-இல் சென்னையில் நடந்த தமிழிணைய மாநாட்டை ஒட்டி உருவான விசைப்பலகை அது. உயிரெழுத்துகள் இடது கைப்பக்கம், மெய்கள் பெரும்பாலும் வலது கைப்பக்கம். ஒரே மெய்யை அடுத்தடுத்து இரண்டு முறை அடித்தால் முதல் எழுத்துக்குப் புள்ளி தானாக விழும். 'அம்மா' என்பதற்கு அ, ம, ம, ஆ என்று நான்கே தட்டு. ங-வுக்குப் பின் க, ந-வுக்குப் பின் த என்று இன எழுத்துகள் வந்தாலும் புள்ளியை அதுவே வைத்துக்கொள்ளும். இந்தத் தானியங்கிப் புள்ளி வேண்டாத இடத்தில், உதாரணமாக 'மமதை' என்ற சொல்லில், முதல் ம-வுக்குப் பின் ஓர் அ அடித்துவிட்டு அடுத்த ம-வுக்குப் போக வேண்டும். புதிதாகப் பழகுகிறவர்கள் முதல் வாரத்தில் தடுக்கி விழுவது இங்கேதான். தினம் ஒரு மணி நேரம் உட்கார்ந்ததில் எனக்கு ஆறு வாரத்தில் கை ஓட ஆரம்பித்தது.

பழைய எழுத்துருக் கோப்புகளையும் அடையாளம் காணத் தெரிய வேண்டும். வந்த கோப்பைத் திறந்தால் `jkpo;` என்று என்னவோ தெரியும். அது பாமினி எழுத்துருவில் அடித்த 'தமிழ்'. கோப்பு கெட்டுப்போகவில்லை, எழுத்துரு மாற்றியில் போட்டு ஒருங்குறியாக்கினால் வந்துவிடும். மாற்றிய பிறகு வரும் சிக்கலைப் பின்னால் சொல்கிறேன், அதில் நான் நன்றாகவே அடிபட்டிருக்கிறேன்.

அடுத்தது இலக்கணம். முழு இலக்கணத்தையும் கரைத்துக் குடிக்க வேண்டுமோ என்று பயந்தேன். பெரியவர் ஒரு நோட்டில் பத்துப் பன்னிரண்டு விதிகள் மட்டும் எழுதிக் கொடுத்தார். தினசரி விழுகிற பிழைகளில் பெரும்பகுதி அதற்குள் அடங்கிவிட்டது. அவர் எனக்குக் கொடுத்த முதல் பயிற்சி வாக்கியம் இன்னும் அந்த நோட்டில் இருக்கிறது:

"அந்த பள்ளியில் படித்தப் பையன் தன் முயற்ச்சியால் சுவற்றில் எழுதி பழகினான்."

இதில் ஐந்து பிழை இருக்கிறது, கண்டுபிடி என்றார். நான் ஒன்றைத்தான் கண்டேன். பிறகு அவர் ஒவ்வொன்றாக எடுத்தார். அந்த, இந்த, எந்த என்ற மூன்றுக்கும் பின்னால் வல்லெழுத்து மிகும். ஆகவே 'அந்தப் பள்ளி'. 'படித்த' என்பது பெயரெச்சம். அதன் பின்னால் மிகாது. ஆகவே 'படித்த பையன்'. கேட்பதற்கு இரண்டும் ஒரே மாதிரி அகரத்தில் முடிகிற சொற்கள், ஆனால் ஒன்றில் மிகும், ஒன்றில் மிகாது. காதை மட்டும் நம்பி ஒற்றுப் போடுகிறவர்கள் தவறுகிற இடம் இது. 'எழுதி' என்பது வினையெச்சம், இகரத்தில் முடிகிற வினையெச்சத்துக்குப் பின் மிகும், 'எழுதிப் பழகினான்'. சுவர் என்ற சொல்லோடு இல் சேர்ந்தால் 'சுவரில்'தான். கிணறு 'கிணற்றில்' ஆவதைப் பார்த்து, சுவரையும் 'சுவற்றில்' ஆக்கிவிட்டார்கள். று என்று முடிகிற சொல்லுக்குத்தான் அந்த இரட்டிப்பு.

ஐந்தாவதுதான் எனக்கு மிகவும் பயன்பட்டது. ட், ற் என்ற இரண்டு மெய்களுக்கும் பின்னால் தமிழ்ச் சொல்லில் இன்னொரு மெய் வந்து நிற்காது. ஆகவே 'முயற்ச்சி', 'பயிற்ச்சி', 'கற்ப்பனை' எல்லாம் தவறு; 'முயற்சி', 'பயிற்சி', 'கற்பனை'. இந்த ஒரு விதி தெரிந்தால் கண்ணே வேண்டாம். கோப்பில் தேடும் கட்டத்தைத் திறந்து `ற்ச்`, `ற்ப்`, `ற்க்`, `ட்ச்`, `ட்ப்`, `ட்க்` என்று ஆறு முறை தேடினால் போதும். பிறமொழிப் பெயர் ஏதாவது இல்லையென்றால், அகப்படுவதெல்லாம் பிழைதான். ஒரு புத்தகத்துக்கு மூன்று நிமிடம்கூட ஆகாது. எந்தக் கோப்பு வந்தாலும் படிக்கத் தொடங்குவதற்கு முன் இதை முடித்துவிடுவேன்.

விதிகளை ஒரேயடியாக மனப்பாடம் செய்யாமல், வாரத்துக்கு ஒரு விதியை எடுத்துக்கொண்டு, கையில் கிடைத்த அச்சிட்ட தாளில் எல்லாம் அந்த ஒன்றை மட்டும் தேடிக் கோடு போட்டேன். வினையெச்சத்துக்கு மட்டும் இரண்டு வாரம் பிடித்தது. 'படித்துப் பார்த்தான்' என்பதில் மிகும், 'செய்து பார்த்தான்' என்பதில் மிகாது. து-வுக்கு முன்னால் வல்லின மெய் நின்றால் மிகும், மற்றபடி மிகாது என்று பிடித்துக்கொண்ட பிறகு குழப்பம் போயிற்று. அகராதி ஒன்று எப்போதும் பக்கத்தில் இருக்கும். 'கறுப்பு', 'கருப்பு' போன்றவற்றில் இரண்டும் வழக்கில் உண்டு. அங்கே நான் நீதிபதியாக உட்காருவதில்லை. ஆசிரியர் எதை எழுதியிருக்கிறாரோ அதையே புத்தகம் முழுக்க ஒரே மாதிரி ஆக்கிவிடுவேன்.

இனி, வேலை பிடித்த விதம். அச்சகத்தில் இருந்துகொண்டே வெளியே இரண்டாவது வாடிக்கையாளர் ஒருவரைத் தேடினேன். "தமிழில் நல்ல புலமை உண்டு" என்று எழுதி அனுப்பிய கடிதங்களுக்கு ஒரு பதிலும் வரவில்லை. படிக்கிறவருக்கு அதைச் சோதிக்க வழி இல்லையே! அப்போது வீட்டில் இருந்த ஒரு கழிவறை சுத்திகரிப்புத் திரவத்தின் பாட்டிலைப் படித்தேன். அதன் பின்பக்கத்தில் இப்படி இருந்தது: "அறை மூடி ஊற்றவும். கரை நீங்கும். பின் தண்ணீர் விட்டு கழுவி உலற விடவும்."

அவர்கள் சொல்ல நினைத்தது அரை மூடி அளவு. ஆனால் 'அறை மூடி ஊற்றவும்' என்றால், அறையை மூடிக்கொண்டு ஊற்று என்று பொருளாகிவிடுகிறது. காட்டமான ஆவி கிளம்பும் திரவத்துக்கு இது நேர் எதிரான எச்சரிக்கை. சன்னல் கதவைத் திறந்து வைக்கச் சொல்ல வேண்டிய இடத்தில், மூடச் சொல்கிறது. ஓர் எழுத்துதான் காரணம். 'கரை' ஆற்றுக்கு, 'கறை' துணிக்கும் தரைக்கும். காய விடுவதற்கு 'உலற' இல்லை, 'உலர'. 'விட்டுக் கழுவி' என்று ஒற்று வர வேண்டும்.

ஒரே தாளில் அட்டவணை போட்டேன். முதல் கட்டத்தில் வரி, இரண்டாவதில் இப்போது உள்ளது, மூன்றாவதில் இருக்க வேண்டியது, நான்காவதில் காரணம் ஒரே வாக்கியத்தில். பொருளை மாற்றுகிற பிழைகளை மேலே வைத்தேன். ஒற்றுப் பிழையைக் கடைசியில் வைத்தேன். ஒற்றை முதலில் சொன்னால், இவன் இலக்கணம் பேச வந்தவன் என்று தாளை ஓரமாக வைத்துவிடுவார்கள். 'அறை'யை முதலில் சொன்னதால் நிர்வாகிக்கு உடனே உறைத்தது. பொதுவில் எழுதி மானத்தை வாங்காமல், பாட்டிலில் இருந்த முகவரிக்கே தமிழில் கடிதம் எழுதினேன். "உங்கள் அடுத்த அச்சுக்கு முன் ஒரு முறை பார்த்துத் தருகிறேன், இந்தத் தாளுக்குக் கட்டணம் இல்லை" என்று கடைசி வரி. பதில் வரப் பதினாறு நாள் ஆயிற்று. அவர்களுடைய மற்ற ஒன்பது பொருள்களின் குறிப்புகளும் என்னிடம் வந்தன.

இப்படி மொத்தம் ஏழு இடங்களுக்கு அனுப்பினேன். இரண்டு வேலையாக மாறின, ஓர் இடத்திலிருந்து நன்றி மட்டும் வந்தது, மற்றவை மௌனம். மாதிரித் தாளில் ஒன்றை மட்டும் கண்டிப்பாகக் கடைப்பிடியுங்கள். எது பிழை, எது உங்கள் ரசனை என்று பிரித்துக்கொண்டு, பிழையை மட்டும் அனுப்புங்கள். ஒரு முறை 'உபயோகிக்கவும்' என்பதைப் 'பயன்படுத்தவும்' என்று மாற்றிக் காட்டியிருந்தேன். அவர்கள் அந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டு, மீதி எட்டையும் நம்பவில்லை.

கூலி பேசும்போது சொல் கணக்கில் பேச வருவார்கள். கவனமாக இருங்கள். ஆங்கிலத்துக்கு வைத்த விகிதத்தை அப்படியே தமிழுக்குச் சொல்வார்கள். 'வந்துகொண்டிருந்தேன்' என்பது தமிழில் ஒரே சொல், ஆங்கிலத்தில் மூன்று சொல். அதே கட்டுரைக்குத் தமிழில் சொல் எண்ணிக்கை குறைவாக வரும், ஆனால் பார்க்க வேண்டிய எழுத்து குறையாது. நான் முதலில் கோப்பின் நடுவிலிருந்து மூன்று பக்கம் கேட்பேன். முதல் பக்கங்களை எழுதியவரே பல முறை செதுக்கியிருப்பார், உண்மை நிலை நடுவில்தான் தெரியும். அந்த மூன்றையும் கடிகாரம் வைத்துத் திருத்துவேன். சுமாரான கோப்பில் எனக்கு மணிக்கு ஏழெட்டுப் பக்கம் ஓடும், மோசமான கோப்பில் மூன்றுகூடத் தாண்டாது. அந்த நேரத்தைக் கொண்டுதான் பக்கத்துக்கு இவ்வளவு என்று சொல்வேன். தொடக்கத்தில் பார்க்காமலே ஒரு தொகை சொல்லிவிட்டு, ஒரு மாதம் முழுக்க அரைக் கூலிக்கு உட்கார்ந்திருக்கிறேன்.

முன்பே சொன்ன அடி இதுதான். பழைய எழுத்துருவிலிருந்து மாற்றிய ஒரு புத்தகம் வந்தது. அதில் 'கௌரவம்' என்பது 'கெளரவம்' என்று இருந்தது. கண்ணுக்கு இரண்டும் ஒன்றுபோலத்தான் இருக்கும். முதலாவதில் ஔகாரக் குறி ஒரே எழுத்தாக இருக்கிறது. இரண்டாவதில் ஒற்றைக் கொம்பும் ள என்ற தனி எழுத்தும் சேர்ந்து அந்த உருவத்தைக் காட்டுகின்றன. கணினிக்கு அது 'கெ, ள, ர, வ, ம்'. தேடினால் கிடைக்காது, அகரவரிசையிலும் இடம் மாறிவிடும். மௌனம், பௌர்ணமி, சௌகரியம் எல்லாமே அப்படி இருந்தன. ஒவ்வொன்றாக மாற்றச் சோம்பல்பட்டு, ஒற்றைக் கொம்பும் ள-வும் சேர்ந்து வரும் இடமெல்லாம் ஔகாரக் குறி என்று ஒரே சொடுக்கில் மாற்றிவிட்டேன்.

வெளி, வெள்ளம், தெளிவு ஆகிய சொற்களிலும் கொம்புக்குப் பின் ள வருகிறதே! அது எனக்கு அப்போது உறைக்கவில்லை. 'வெளியே' என்பது 'வௌியே' ஆயிற்று, 'வெள்ளை' என்பது 'வௌ்ளை' ஆயிற்று. நான் வைத்திருந்த எழுத்துருவில் ஒரு வேறுபாடும் தெரியவில்லை. வடிவமைப்பாளர் வேறு எழுத்துருவில் திறந்தபோது, நூற்றுக்கணக்கான இடங்களில் புள்ளி வட்டம் முளைத்திருந்தது. இரவு முழுக்க உட்கார்ந்து சரிசெய்து கொடுத்தேன், அந்த வேலைக்குக் கூலி கேட்க எனக்கு மனசு வரவில்லை.

இப்போது குறியை மாற்றாமல் முழுச் சொல்லையே மாற்றுகிறேன். கௌரவம், மௌனம், பௌர்ணமி, சௌகரியம், வௌவால் என்று ஒரு பட்டியல் வைத்திருக்கிறேன். ஒவ்வொரு சொல்லாகத் தேடி மாற்றினால் 'வெள்ளம்' தப்பித்துக்கொள்ளும். கால் இருக்க வேண்டிய இடத்தில் ர விழுந்திருப்பது, எ என்ற எழுத்துக்குப் பதில் தமிழ் எண் ௭ விழுந்திருப்பது ஆகியவையும் இதே வகை. கண்ணால் படித்துக் கண்டுபிடிக்கவே முடியாது. தேடல் கட்டத்தில் ௭ என்று போட்டுப் பாருங்கள், எண்ணே இல்லாத கதைப் புத்தகத்தில் அது அகப்படும். மூலக் கோப்பின் ஒரு படியைத் தொடாமல் தனியே வைத்துவிட்டுத்தான் எதையும் தொடங்குவேன்.

இந்த வேலைக்கும் ஆங்கிலம் ஓரளவு வேண்டும், மறைக்க மாட்டேன். மென்பொருளின் பட்டியல்கள் ஆங்கிலத்தில்தான் இருக்கின்றன. நிறுவனங்களிலிருந்து வரும் மின்னஞ்சல் பாதி ஆங்கிலம். அதற்கென்று ஒரு சிறு நோட்டில் நூற்றைம்பது சொற்கள்போல எழுதி வைத்திருக்கிறேன். கெடு தேதி, விலைப்பட்டியல், திருத்தம், ஒப்புதல் என்று இந்தத் தொழிலில் திரும்பத் திரும்ப வருகிற சொற்கள். அவை போதுமானவையாக இருக்கின்றன. தமிழில் பதில் எழுதியதற்காக யாரும் இதுவரை என்னை விட்டுப் போனதில்லை.

மொழிபெயர்ப்பு வேலைக்கு மட்டும் நான் ஒப்புக்கொள்வதில்லை. ப்ரூஃப் நன்றாகப் பார்க்கிறவனிடம் அடுத்து அதைத்தான் கேட்பார்கள், கூலியும் அதிகம். ஒரு முறை ஆசைப்பட்டு வாங்கி, மூலத்தில் என்ன இருக்கிறது என்று புரியாமல் நான்கு பக்கத்தோடு திருப்பிக் கொடுத்தேன். அதை வாங்கிக்கொண்டு போய் முடித்தவர் ஒரு அக்கா. ஆங்கிலம் நன்றாகத் தெரிந்தவர், தமிழில் ஒற்று அவருக்குக் கொஞ்சம் தடுமாறும். "தம்பி, நான் மொழிபெயர்க்கிறேன், கொடுப்பதற்கு முன்னால் நீ தமிழை மட்டும் பார்த்துடு" என்றார். மூலத்தோடு ஒப்பிடுவது அவர் பொறுப்பு, தமிழ் வாக்கியம் என் பொறுப்பு. பொருள் மாறிவிடுமோ என்று எனக்குச் சந்தேகம் வருகிற இடத்தில் நானே திருத்தாமல், ஓரத்தில் கேள்விக்குறி போட்டு அனுப்புவேன், அவர் மூலத்தைப் பார்த்து முடிவு செய்வார். இப்போது என் மாத வேலையில் பாதி அவரிடமிருந்துதான் வருகிறது.